மனுதாரர் யார்? ஒரு மூட் கோர்ட் மெமோரியலின் மெய்ப்பு

கடலோர இறால் பண்ணைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன். மனைவி கிருஷ்ணம்மாளோடு சேர்ந்து 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கி, கீழத்தஞ்சைப் பகுதியின் நிலமற்ற உழைப்பாளிகளுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர். கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற முறையில் அவர் இந்த மனுவைப் போட்டார். தீர்ப்பின் உள்ளே அவர் பெயர் ஜெகந்நாதன் என்றே வருகிறது. சட்ட இதழ்களில் அச்சான வழக்கின் தலைப்பில் மட்டும் கடைசி எழுத்துகள் உதிர்ந்து ‘ஜெகந்நாத்’ ஆகிவிட்டார்.

```
S. Jagannath v. Union of India, (1997) 2 SCC 87
```

இந்தத் தீர்ப்பின் கட்டளைகளில் ஒன்று மரக்காணத்துக்காரர்களுக்கு நேரே புரியும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குட்டைகளாக மாற்றக் கூடாது என்றது நீதிமன்றம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால் மரக்காணத்தில் பாத்தி பாத்தியாகக் கிடப்பது உப்பளம். உள்ளே மேற்கே கழுவெளி ஈரநிலம். அதன் கரைகளை வானூர் வட்டமும் மரக்காணம் வட்டமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வானூரிலிருந்து சட்டம் படிக்கப் போகும் ஒரு பிள்ளைக்கு மூட் கோர்ட் போட்டியில் உப்பளம், இறால் குட்டை என்று ஒரு கணக்கு வந்தால், முதலில் கைக்குக் கிடைக்கிற தீர்ப்பு இதுதான். அந்த மெமோரியலில் இது மூன்று இடத்தில் மூன்று விதமாகவும் வரும். பொருளடக்கத்துக்கு அடுத்துள்ள மேற்கோள் பட்டியலில் ஜெகந்நாத், வாதத்தில் ஜெகந்நாதன், அடிக்குறிப்பில் முன்னெழுத்து இல்லாத வெறும் ஜகன்னாத்.

மூன்றில் எது சரி? மேற்கோளில் அச்சேறிய பெயர்தான் சரி, அது தப்பாகவே அச்சேறியிருந்தாலும். மேற்கோள் என்பது ஒரு நூலகத்தில் ஒரு பக்கத்தைத் தேடிப் போகிறவருக்கான விலாசம். விலாசத்தை நாமாகத் திருத்தினால் கடிதம் போய்ச் சேராது. ஆனால் வாதத்தின் நடுவே அந்த மனிதரைப் பற்றிப் பேசும்போது, ‘வழக்குத் தொடுத்த ஜெகந்நாதன்’ என்று எழுதுவதில் குற்றமில்லை. வழக்கின் பெயர் வேறு, வழக்காடியவரின் பெயர் வேறு. மெமோரியலை மெய்ப்புப் பார்க்கிறவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டையும் பிரித்துக் காண்பதில்தான் இருக்கிறது.

மெமோரியல் என்பது கற்பனை வழக்கு ஒன்றில் ஒரு தரப்புக்காக மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் எழுத்து வாதம். முகப்பு, பொருளடக்கம், சுருக்கக் குறிகள், மேற்கோள் பட்டியல், நீதிமன்ற அதிகாரம், வழக்கின் சங்கதிகள், எழுவினாக்கள், வாதச் சுருக்கம், விரிவான வாதம், கடைசியில் வேண்டுதல் என்று அதற்கு ஒரு நிலையான வரிசை உண்டு. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகள் இதைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன: ஆண்டில் மூன்று மூட் கோர்ட், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், அதில் எழுத்துக்கு 5, பேச்சுக்கு 5. போட்டிகளில் நடுவர் கையில் மெமோரியல் முதலில் போகிறது. மாணவர் பிறகுதான் போகிறார்.

மெய்ப்புத் திருத்துகிறவர் சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன் படிக்க வேண்டியது மெமோரியலை அல்ல, போட்டியின் விதிகளை. எந்த மேற்கோள் முறை, எத்தனை பக்கம், எந்த எழுத்துரு என்பதெல்லாம் அதில் இருக்கும். வெளியார் உதவி எந்த அளவுக்கு அனுமதி என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். உதவியே கூடாது என்று விதி சொன்னால் பேனாவை மூடிவிட வேண்டியதுதான். அனுமதி இருந்தாலும் வாதத்தைத் தொடக் கூடாது. பெயர், தலைப்பு, மேற்கோள் ஆகியவற்றின் வடிவத்தைத் திருத்தலாம்; சட்டப் பொருளில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஜெகந்நாத் தீர்ப்பை மட்டும் காட்டிவிட்டு, அதற்குப் பின் நாடாளுமன்றம் இயற்றிய 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை மாணவர் பேசாமலே விட்டிருந்தால், ‘2005 சட்டம்?’ என்று குறிப்பதோடு நம் வேலை முடிந்தது. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் அது மெய்ப்பல்ல, கள்ளத்தனம்.

பெயர், தலைப்பு, மேற்கோள் என்ற மூன்று வேலைகளில் எதை முதலில் செய்வது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பலரும் மேற்கோளில் தொடங்குகிறார்கள். கண்ணுக்கு அதிகம் உறுத்துவது அதுதான். நான் பெயர்களில் தொடங்கச் சொல்வேன். பெயர் மாறினால் தலைப்பு மாறும். தலைப்பு மாறினால் பக்கம் நகரும். பக்கம் நகர்ந்தால் பொருளடக்கமும் மேற்கோள் பட்டியலின் பக்க எண்களும் நகரும். தலைகீழாகச் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். கடலோரத்தில் அரசு குத்தகைக்கு விட்ட உப்பள நிலம். குத்தகைதாரர் அதை ஓர் இறால் நிறுவனத்துக்கு உள்குத்தகைக்கு விடுகிறார். உப்பளத் தொழிலாளர் சங்கம் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவின் கீழ் நேரே உச்ச நீதிமன்றம் போகிறது. எதிர்மனுதாரர்கள் மூவர்: இந்திய ஒன்றியம், மாநில அரசு, இறால் நிறுவனம்.

இப்போது மாணவர் எழுதிய மெமோரியலைப் புரட்டுங்கள். முகப்பில் சங்கத்தின் முழுப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. சங்கதிகள் பகுதியில் அது ‘அசோசியேஷன்’ ஆகிறது. வாதத்தின் முதல் பகுதியில் ‘பெட்டிஷனர்’. இரண்டாம் பகுதியை வேறொரு மாணவர் எழுதியிருப்பார் போலிருக்கிறது, அங்கே ‘யூனியன்’. அதே பக்கத்தில் இந்திய ஒன்றியமும் சுருக்கமாக ‘யூனியன்’ என்றே நிற்கிறது. ‘யூனியன் தன் கடமையிலிருந்து தவறியது’ என்று ஒரு வாக்கியம். கடமை தவறியது சங்கமா, ஒன்றிய அரசா? எழுதியவருக்குச் சந்தேகமில்லை. நடுவருக்கு உண்டு. தன் கட்சிக்காரரையே குற்றம்சாட்டும் வாக்கியமாக அதைப் படித்துக் காட்டி, ‘கவுன்சல், இதுதான் உங்கள் வாதமா?’ என்று அவர் கேட்டால், மாணவரின் அடுத்த சில நிமிடங்கள் அதிலேயே போய்விடும்.

இதற்கு வழி ஒரு தனித்தாள். அதில் ஒவ்வொரு தரப்புக்கும் முழுப்பெயர் ஒன்று, சுருக்கப்பெயர் ஒன்று, வழக்கில் அதன் நிலை ஒன்று என்று எழுதிக்கொள்ள வேண்டும். முகப்பிலும், சங்கதிகளில் முதல்முறை வரும்போதும் மட்டும் முழுப்பெயர். அந்த முதல் இடத்திலேயே அடைப்புக்குள் சுருக்கப்பெயரை அறிவித்துவிட்டு, அதன்பின் அதை மட்டுமே எழுதுவது. மூன்று எதிர்மனுதாரர்கள் இருக்கும்போது ‘எதிர்மனுதாரர்’ என்ற ஒருமை எங்கும் தனியாக நிற்கக் கூடாது. 1ஆம் எதிர்மனுதாரர், 3ஆம் எதிர்மனுதாரர் என்று எண்ணோடு வர வேண்டும், அல்லது மூவரையும் சேர்த்துப் பன்மை. இது அழகுக்காக அல்ல. குட்டை வெட்டியது நிறுவனம், உரிமம் கொடுத்தது மாநிலம், மேற்பார்வை செய்யாதது ஒன்றியம். யார் மீது எந்தக் குற்றச்சாட்டு என்பதில்தான் 21ஆவது பிரிவின் வாதமே நிற்கிறது. தனியார் நிறுவனத்தின் மீது அடிப்படை உரிமை வாதத்தை வைப்பதற்கும் அரசின் மீது வைப்பதற்கும் சட்டத்தில் பெரிய தூரம் இருக்கிறது. எண் போடாத ‘எதிர்மனுதாரர்’ அந்தத் தூரத்தை அழித்துவிடும்.

வழக்கின் நிலைப்பெயரும் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும். ரிட் மனுவில் மனுதாரர், எதிர்மனுதாரர். மேல்முறையீட்டில் மேல்முறையீட்டாளர். உரிமையியல் வழக்கில் வாதி, பிரதிவாதி. பசுமைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பதாரர். போன ஆண்டுப் போட்டியின் மெமோரியலை எடுத்து அதன்மேல் எழுதும் பழக்கம் மாணவர்களிடம் உண்டு. அந்தப் பழைய கோப்பின் ‘அப்பெலன்ட்’ எங்காவது ஒரு மூலையில், பெரும்பாலும் வேண்டுதலின் கடைசி வரியில், உயிரோடு இருக்கும்.

அதைவிட ஆபத்து, இரு தரப்புக்கும் ஒரே அணி எழுதுவது. மனுதாரர் மெமோரியலை முடித்துவிட்டு, அதையே நகலெடுத்து எதிர்மனுதாரர் மெமோரியலாக மாற்றுகிறார்கள். இரவு இரண்டு மணி, காலையில் சமர்ப்பிக்க வேண்டும், கை தானாக ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸை நாடும். ‘ரிப்ளேஸ் ஆல்’ பொத்தானை அழுத்தும் முன் ஒரு விளைவை மட்டும் யோசித்தால் போதும். ‘யூனியன்’ என்ற சொல்லை முழுக் கோப்பிலும் ‘1ஆம் எதிர்மனுதாரர்’ என்று மாற்றினால், மேலே சொன்ன மேற்கோள் இப்படி ஆகும்:

```
S. Jagannath v. Respondent No. 1 of India, (1997) 2 SCC 87
```

சிரிப்பாகத் தோன்றலாம். அடிக்குறிப்புகள் சின்ன எழுத்தில் இருப்பதால் இது கண்ணில் படாமல் சமர்ப்பிப்புக்கே போய்விடும். ஆகவே பெயர் மாற்றத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘ஃபைண்ட் நெக்ஸ்ட்’ அழுத்தி, இடத்துக்கு இடம் முடிவெடுத்தே செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை.

அப்படி ஒவ்வொன்றாகப் போகும்போது இன்னொரு சிக்கல் எதிர்ப்படும். தீர்ப்பிலிருந்து எடுத்துப் போட்ட பகுதியில் ‘மனுதாரர்’ என்று வந்தால் அது ஜெகந்நாதன். நம் உப்பளச் சங்கம் அல்ல. மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்தை மாற்ற நமக்கு உரிமையில்லை. படிக்கிறவர் குழம்புவார் என்று தோன்றினால் அந்தச் சொல்லுக்குப் பதில் சதுர அடைப்புக்குள் பெயரைக் கொடுக்கலாம். சதுர அடைப்பு என்றால் ‘இது என் கை’ என்று பொருள். வட்ட அடைப்பு போட்டால் நீதிபதியே எழுதியது போல் ஆகிவிடும்.

பழைய வழக்குகளின் பெயரில் மாணவர்கள் செய்யும் ஒரு ‘திருத்தம்’ தமிழ்நாட்டுக்கே உரியது. 1951இல் இடஒதுக்கீடு பற்றிய செண்பகம் துரைராஜன் தீர்ப்பின் பெயரில் ‘மதராஸ் மாநிலம்’ என்று இருப்பதைப் பார்த்து, அது பழைய பெயராயிற்றே என்று ‘தமிழ்நாடு மாநிலம்’ ஆக்கிவிடுகிறார்கள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது 1969 ஜனவரியில். வழக்கின் பெயர் அதற்காகப் பின்னோக்கிப் போய் மாறாது. அதே வழக்கில் தரப்புகளின் வரிசையும் கவனிக்கத் தக்கது. உயர் நீதிமன்றத்தில் செண்பகம் முதலில், அரசு இரண்டாவது. அரசு மேல்முறையீடு செய்ததால் உச்ச நீதிமன்றத்தில் அரசு முன்னே வந்துவிட்டது.

```
Champakam Dorairajan v. State of Madras, AIR 1951 Mad 120
State of Madras v. Champakam Dorairajan, AIR 1951 SC 226
```

இரண்டும் சரி. ஒன்றன் பெயரை மற்றதன் எண்ணோடு ஒட்டினால் இரண்டும் தப்பு.

ஊர்ப்பெயர்களும் சட்டப்பெயர்களும் இதே தனித்தாளில் ஏற வேண்டியவை. கழுவெளியை ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று விதமாக எழுதுகிறார்கள். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது அரசு வைத்த எழுத்துமுறை ‘ழ’ வரும் Kazhuveli. மெமோரியலில் அதைப் பேசினால் அரசாணையின் வடிவமே நிற்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ‘புரொடெக்ஷன்’ அடைப்புக்குள் இருக்கிறது. அந்த அடைப்பை எல்லோரும் தொலைக்கிறார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991, 2011, 2019 என்று மூன்று முறை வந்திருக்கிறது. ஆண்டு சொல்லாமல் ‘அறிவிக்கை’ என்று மட்டும் எழுதினால் எந்தச் சட்டத்தின் கீழ் வாதாடுகிறோம் என்பதே தெரியாமல் போகும். மேலே சொன்ன 2005 சட்டத்தை முதலெழுத்துகளால் ‘சி.ஏ.ஏ. சட்டம்’ என்று சுருக்கிய மெமோரியலும் உண்டு. இந்திய வாசகர் யாருக்கும் அந்த மூன்றெழுத்தைக் கண்டால் நினைவுக்கு வருவது குடியுரிமைத் திருத்தச் சட்டம்தான். சுருக்கத்தைத் தூக்கிவிட்டு ‘2005 சட்டம்’ என்று வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

பெயர்கள் நின்றுவிட்டால் தலைப்புகள். இதில் சொல்ல அதிகமில்லை, இருப்பது மட்டும் கறாரானது. ஒரே எழுவினா மெமோரியலில் நான்கு இடத்தில் வருகிறது: எழுவினாப் பட்டியலில் கேள்வியாக, வாதச் சுருக்கத்தில் கூற்றாக, விரிவான வாதத்தின் தலைப்பாக, பொருளடக்கத்தில் அந்தத் தலைப்பின் நகலாக. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். எழுவினாவில் ‘உப்பள நிலத்தை மாற்றியது 21ஆவது பிரிவை மீறியதா’ என்று இருக்கும். வாதத் தலைப்பில் அதோடு 14ஆவது பிரிவும் சேர்ந்திருக்கும். நடுவில் ஒரு நாள் யாரோ வாதத்தை விரித்திருக்கிறார்கள். எழுவினாவைத் தொட மறந்துவிட்டார்கள். மெய்ப்பு பார்க்கிறவர் இதைத் தானாகச் சரிசெய்யக் கூடாது. 14 வேண்டுமா வேண்டாமா என்று எழுதியவரைக் கேட்க வேண்டும்.

தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் போடும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. முதல் மட்டத்துக்கு அது சரி. மூன்றாம் மட்டம் வரை எல்லாமே பெரிய எழுத்தென்றால் எது எதற்குக் கீழே என்று கண் பிரித்தறியாது. ரோமன் எண், பெரிய எழுத்து, அரபு எண் என்று மட்டங்கள் இறங்க வேண்டும். ‘A’ என்று ஓர் உட்தலைப்பு இருந்தால் ‘B’ ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே உட்தலைப்பே தேவையில்லை. ஒரு தலைப்பு ‘என்பதால்’ என்று முடிந்தால் அதே மட்டத்தில் உள்ள மற்றவையும் அப்படியே முடிய வேண்டும்.

தலைப்புகள் உண்மையான தலைப்புகளா, அல்லது சாதாரண வரியைத் தடித்த எழுத்தாக்கி ஒட்டியவையா என்று வேர்டு கோப்பில் உடனே கண்டுபிடிக்கலாம். View பட்டியலில் Navigation Pane என்பதைத் திறந்தால் இடப்பக்கம் தலைப்புகள் வரிசையாகத் தெரியும். அதில் இல்லாதது கையால் தடித்தது. அது பொருளடக்கத்திலும் வராது. இன்னொரு பொறி: பொருளடக்கத்தைப் புதுப்பிக்கும்போது வேர்டு ஒரு கேள்வி கேட்கும். Update page numbers only என்பதைத் தேர்ந்தால் பக்க எண் மட்டும் மாறும், பழைய தலைப்பின் சொற்கள் அப்படியே கிடக்கும். Update entire table என்பதைத்தான் தேர்வுசெய்ய வேண்டும். உள்ளே திருத்திய பெயர் பொருளடக்கத்தில் மட்டும் பழையபடி நிற்கும் மெமோரியல்கள் பெரும்பாலும் இந்த ஒரு பொத்தானின் வேலை.

இனி மேற்கோள்கள். ‘சீராக இருக்க வேண்டும்’ என்பதை, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவின் புளூபுக் முறையும் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்கோலா முறையும் நம் போட்டிகளில் அதிகம் புழங்குகின்றன. ஒரே தீர்ப்பு இரண்டிலும் இப்படி வரும்:

```
S. Jagannath v. Union of India, (1997) 2 SCC 87 (India)
S Jagannath v Union of India (1997) 2 SCC 87
```

புள்ளிகளையும் காற்புள்ளியையும் பாருங்கள். முதலாவது புளூபுக்; படிக்கிறவர் எந்த நாடு என்று அறியாத இடத்தில் கடைசி அடைப்பு. இரண்டாவது ஆஸ்கோலா, முன்னெழுத்துக்கும் ‘வி’க்கும் புள்ளி கிடையாது. போட்டி எதைக் கேட்கிறதோ அதுவே எல்லா அடிக்குறிப்பிலும் ஓட வேண்டும். தரவுத்தளத்திலிருந்து அப்படியே வெட்டி ஒட்டிய மேற்கோள்களை ‘வெர்சஸ்’ என்ற முழுச்சொல்லும் நடுவில் திடீரென்று மாறும் எழுத்துருவும் காட்டிக்கொடுக்கும்.

வடிவத்துக்கு அடுத்தது எண். ஜெகந்நாத் தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். மேற்கோளில் நிற்பது 1997. அடைப்புக்குள் இருப்பது சட்ட இதழின் தொகுதி ஆண்டு. தீர்ப்பின் நாள் அல்ல. வாதத்தில் ‘1997ஆம் ஆண்டுத் தீர்ப்பில்’ என்று எழுதியிருந்தால் அது தப்பு, மேற்கோளில் 1996 என்று ‘திருத்தினால்’ அதுவும் தப்பு. ஆண்டுக் கடைசியில் வந்த தீர்ப்புகளில் இதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

இந்த வழக்கையொட்டி எழுதும் மெமோரியலில் இன்னும் பெரிய ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட நடவடிக்கை மன்றம் எதிர் இந்திய ஒன்றியம் என்ற பெயரில், 1996ஆம் ஆண்டிலேயே, ஒரே சட்ட இதழில் இரண்டு தீர்ப்புகள் உண்டு.

```
Indian Council for Enviro-Legal Action v. Union of India, (1996) 3 SCC 212
Indian Council for Enviro-Legal Action v. Union of India, (1996) 5 SCC 281
```

முதலாவது ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் இரசாயனத் தொழிற்சாலைகள் மண்ணையும் கிணறுகளையும் பாழாக்கிய வழக்கு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்குக் காட்டப்படுவது. இரண்டாவது 1991 கடலோர அறிவிக்கையை அமல்படுத்தாததைப் பற்றியது. உப்பள வழக்குக்கு இரண்டும் தேவைப்படும். மாணவர் கடலோர அறிவிக்கை பற்றிய வாக்கியத்துக்குக் கீழே 3ஆம் தொகுதியைப் போட்டிருந்தால், வடிவத்தை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. மேற்கோள் அச்சுப்பிழையின்றி அழகாக நிற்கும். ஆகவே ஒரே பெயர் கொண்ட வழக்குகளை மட்டுமாவது மெய்ப்பாளர் திறந்து பார்த்தே ஆக வேண்டும். வாக்கியத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புப் பெயர் வைத்துக்கொள்வது நல்லது: பிச்ரி வழக்கு, கடலோர மண்டல வழக்கு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்குகள் எத்தனை என்று தெரிந்த எந்த வழக்கறிஞரும் ‘மேத்தா வழக்கில்’ என்று வெறுமனே சொல்லமாட்டார். ஓலியம் வாயு வழக்கு, கங்கை வழக்கு, தாஜ் வழக்கு என்றுதான் சொல்வார்.

பத்தி எண் காட்டும்போது எந்த இதழின் பத்தி என்பதும் முக்கியம். பழைய தீர்ப்புகள் பலவற்றுக்கு இதழின் பதிப்பாசிரியர்களே பத்தி எண் போட்டார்கள், எஸ்.சி.சி.யின் எண்ணும் ஏ.ஐ.ஆரின் எண்ணும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. மேற்கோள் எஸ்.சி.சி.க்கு, பத்தி எண் இணையத்தில் படித்த வேறொரு பிரதியிலிருந்து என்றால், நடுவர் புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியில் வேறெதையோ படிப்பார்.

மிச்சமிருப்பது முன்குறிப்புகள். Id. என்பது சற்று முன் காட்டிய அதே ஆதாரம் என்று பொருள். முந்தைய அடிக்குறிப்பில் ஒரே ஓர் ஆதாரம் இருந்தால்தான் புளூபுக் அதை அனுமதிக்கிறது. ‘சூப்ரா’வை வழக்குகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்தக் கூடாது என்பதும் புளூபுக் விதி, வழக்குக்குச் சுருக்கப் பெயரும் தொகுதியும் பக்கமும் கொடுக்க வேண்டும். நம் மாணவர்கள் வழக்குகளுக்கும் சூப்ரா போடுகிறார்கள், பல நடுவர்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை. போட்டி விதி புளூபுக்கைக் கறாராகக் கேட்டால் மாற்றுங்கள். இல்லையென்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இவை இரண்டும் உடையக்கூடியவை. 14ஆம் அடிக்குறிப்பு ஜெகந்நாத், 15ஆம் அடிக்குறிப்பு Id. என்று இருக்கிறது. கடைசி நாளில் வாதத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, அதற்கு நடுவில் வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பை ஓர் அடிக்குறிப்பாக நுழைக்கிறார்கள். இப்போது Id. 16ஆம் எண்ணுக்குப் போய்விட்டது, அது காட்டுவது ஜெகந்நாதை அல்ல, தோல் தொழிற்சாலை வழக்கை. ‘சூப்ரா 20’ போன்ற பிந்தைய எண்களைக் கையால் தட்டியிருந்தால் அவையும் ஒவ்வொன்று பிசகியிருக்கும். Cross-reference வழியாக நுழைத்திருந்தால் வேர்டு தானே எண்ணை மாற்றிக்கொள்ளும், ஆனால் நாம் சொன்னால்தான். Ctrl+A அழுத்தி F9 தட்டினால் போதும் என்று நினைப்பார்கள். அது வாதப் பகுதியை மட்டுமே பிடிக்கும். அடிக்குறிப்புக்குள் உள்ள எண்களுக்கு, ஏதாவது ஓர் அடிக்குறிப்பில் சுட்டியை வைத்து அங்கேயும் ஒருமுறை Ctrl+A, F9 தட்ட வேண்டும். Id. எந்தக் கணினியும் திருத்தித் தராத ஒன்று. சமர்ப்பிக்கும் கோப்பில் எல்லா Id. களையும் தேடி, ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள குறிப்பைப் பார்த்து உறுதி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே மெய்ப்பு தொடங்கிய பின் புதிய ஆதாரம் சேர்ப்பதில்லை என்று அணியோடு முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் முடித்தபின், எழுதியவர்களின் பெயர் ஒன்று மிச்சம் இருக்கும். பெரும்பாலான போட்டிகளில் அணி எண் மட்டும்தான். கல்லூரிப் பெயரோ மாணவர் பெயரோ மெமோரியலில் எங்கும் வரக் கூடாது, வந்தால் மதிப்பெண் போகும். முகப்பில் கவனமாக அழித்துவிட்டு, கோப்பின் பண்புகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பி.டி.எஃப். ஆக்கும் முன் வேர்டில் File, Info, Inspect Document என்று போய் ஆசிரியர் பெயரை நீக்குங்கள். திருத்தக் குறிப்புகள், ஓரக் கேள்விக்குறிகள் எல்லாவற்றையும் ஏற்றோ நீக்கியோ முடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நீங்கள் திருத்தித் தந்தவர் என்றால் அந்தப் பண்புகளில் உங்கள் பெயரும் இருக்கும்.